சொதியைச் சூப் என்று எழுதியவர்

என் மச்சாள் மங்களேஸ்வரிக்கு யாரோடும் ஒத்துப்போகத் தெரியாது. கனடாவில், ஸ்காபரோவில் இருக்கும் எங்கள் சாப்பாட்டுக் கடை அவளுக்கும் அவளுடைய தம்பிக்கும் பாதி பாதி. தம்பி குகனேசன் என் புருஷன். அடுப்படி அவளுடையது, கல்லாவும் மெனு அட்டையும் இவருடையவை. மேசைகளுக்குப் பரிமாறுகிற நான் இரண்டு பேரிடமும் ஏச்சு வாங்குகிறவள்.

சண்டை மெனு அட்டையில்தான் தொடங்கியது. தமிழ்ப் பெயர்களுக்குக் கீழே இவர் ஆங்கிலத்தில் விளக்கம் எழுதியிருந்தார். கூழ் என்றால் கடலுணவு ஸ்டூ. சொதி என்றால் தேங்காய்ப்பால் சூப். வெள்ளைக்காரருக்கு உடனே விளங்க வேண்டுமாம்.

நன்றாகவே விளங்கியது. சூப் என்றதும் அவர்கள் இடியப்பத்தைத் தொடாமல் ஒரு கிண்ணம் சொதியை மட்டும் எடுப்பித்து, கரண்டியால் குடித்தார்கள். 'வெறும் மஞ்சள் தண்ணீர்' என்று ஒருத்தி இணையத்தில் எழுதி ஒற்றை நட்சத்திரம் குத்தினாள். அவளைப் பார்த்து இன்னும் சிலர் குத்தினார்கள்.

இவர் அடுப்படிக்குள் போய் நின்றார். "அக்கா, சொதிக்குக் கொஞ்சம் சோளமாக் கரைச்சு ஊத்துங்கோவன். தடிப்பா வரட்டும்."

"உனக்கென்ன விசரோடா? சொதி இடியப்பத்துக்கு உள்ள இறங்கோணும். பசை மாதிரி மேல நிண்டா ஆர் தின்னுறது?"

"சூப் எண்டு வாங்கினவன் சூப்பைத்தானே தேடுவான்?"

"அப்ப பிழை எழுதின கையில. என்ர சட்டியில இல்லை."

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் கோயிலுக்குப் போன நேரம் பார்த்து இவரே சோளமாவைக் கரைத்து ஊற்றிவிட்டார். அன்று வந்ததெல்லாம் எங்கள் சனம். ஊற்றிய சொதி இடியப்பத்தின் மேலேயே குந்திக்கொண்டிருந்தது, அடியில் இடியப்பம் காய்ந்தபடி கிடந்தது. "பிள்ளை, இதென்ன கஸ்டர்ட்டோ?" என்று ஒரு ஐயா கேட்டார். எனக்கு வெட்கத்தில் முகம் எரிந்தது. திரும்பி வந்த மச்சாள் ஒரு கரண்டி வாயில் வைத்தாள். சட்டியோடு தூக்கித் தம்பியின் கண்ணுக்கு முன்னால் தொட்டியில் கவிழ்த்தாள். எனக்கு அவளைப் பிடித்துப்போனது அன்றுதான்.

மறுநாள் என்னைக் கூப்பிட்டு உட்கார்த்தினாள். "நீ இங்கிலீசில எழுது. பேரை மாத்தாத. என்ன போட்டது, எப்பிடித் தின்னுறது, அவ்வளவுதான். சூப், ஸ்டூ ஒண்டும் வேண்டாம்."

எழுதினேன். சொதி: வெங்காயம், பச்சைமிளகாய், மஞ்சள் போட்டுத் தேங்காய்ப்பாலில் காய்ச்சி, இறக்கியபின் தேசிக்காய் பிழிந்து புளி விட்டது. தண்ணீராகத்தான் இருக்கும். இடியப்பத்தின் மேல் ஊற்றி, ஊறவிட்டுச் சாப்பிடுவது. கூழ்: மீன், நண்டு, இறால், மரவள்ளி, பலாக்கொட்டை எல்லாம் அவித்து, பனங்கிழங்கு மாக் கரைத்து விட்டது. உறைப்பும் புளிப்புமாகச் சுடச்சுடக் குடிப்பது.

இவர் வாசித்துவிட்டுச் சிரித்தார். "இது மெனுவோ, சோதினைப் பேப்பரோ?"

புது அட்டை அச்சாகி வந்தது. கூழுக்கு நான் எழுதியதே இருந்தது. நண்டு உடம்புக்கு ஒத்துக்கொள்ளாத ஒருவர், பழைய அட்டையின் 'கடலுணவு' என்றால் மீன்தான் என்று நம்பி எடுப்பித்து, வாயில் வைக்குமுன் நண்டும் உண்டோ என்று தற்செயலாகக் கேட்டதில் இவர் பயந்திருந்தார். ஆனால் சொதியைக் காணோம். பெயரையே எடுத்துவிட்டார். "சொதியும் வேண்டாம், சண்டையும் வேண்டாம்" என்றார். தமக்கையிடம் தோற்பதைவிட அது அவருக்குச் சுகமாக இருந்தது.

மச்சாள் அட்டையை எடுத்துப் பார்த்தாள். கண் கலங்கியது. "என்ர சாப்பாட்டுக்கு இவன்ர கடையில பேர் இல்லையாம்" என்றாள். அதோடு தம்பியோடு பேச்சை நிறுத்தினாள். சொதியை நிறுத்தவில்லை. போகிற ஒவ்வொரு இடியப்பத் தட்டிலும் ஒரு கிண்ணம் கூடவே போனது. அட்டையில் இல்லாததை மேசைக்கு மேசை நான் வாயால் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை கட்டிப்போனது.

போன சனிக்கிழமை மத்தியானம் கடையில் சரியான சனக்கூட்டம். நான் வேறு மேசையில் மாட்டிக்கொள்ள, ஒரு வெள்ளைக்காரக் கிழவர் இவரை மறித்து, "இது சூப்பா?" என்று கிண்ணத்தைக் காட்டினார். இவருடைய முகத்தைப் பார்க்க வேண்டுமே! கல்லாவுக்கு நேரே அடுப்படி வாசல், வாசலில் அகப்பையோடு மச்சாள்.

"இல்லை" என்றார் இவர் ஆங்கிலத்தில். "இதுக்குப் பேர் சொதி. குடிக்கிறதில்லை. இடியப்பத்துக்கு மேல ஊத்தி ஊறவிட்டுச் சாப்பிடுங்கோ." கிழவர் சரியாக உச்சரிக்கும்வரை இன்னும் இரண்டு தரம் பெயரைச் சொல்லிக்கொடுத்தார்.

மச்சாள் உள்ளே திரும்பினாள். இப்போதும் தம்பியிடம் பேசவில்லை, என்னிடம்தான் சொன்னாள். ஆனால் கடை முழுக்கக் கேட்டது.

"சுகந்தி, உன்ர மனிசனுக்கு வாய் வந்திட்டுது. கை எப்ப வருமாம் எண்டு கேள். அட்டையில எழுதோணும்."