தடித்த சட்டமும் அசையாத கோடும்

கல்லூரி இயற்பியல் ஆய்வகத்தில் அவருக்கு ‘மறுபடி மேடம்’ என்றே பெயர். யார் எந்த அளவைக் கொண்டுவந்து காட்டினாலும் முதலில் வரும் சொல் அதுதான்: "மறுபடி."

விடுமுறை முழுவதையும் விழுங்கி அவர் ஒரு புதிய செய்முறையை உருவாக்கியிருந்தார். காந்த முனைகளுக்கு நடுவே, செம்புத் தகட்டில் வெட்டிய சதுரச் சட்டத்தை விழவிட வேண்டும். அதன் கீழ்ப்பக்கம் காந்தப் புலத்தை விட்டு வெளியேறியதும் சட்டத்தில் மின்னோட்டம் சுற்றும். உள்ளே இருக்கும் மேல்பக்கத்தைக் காந்தம் மேல்நோக்கி இழுக்கும். வேகம் கூடினால் இழுப்பும் கூடும். இழுப்பு எடைக்குச் சமமானதும், அதே வேகத்தில் சட்டம் நிதானமாக இறங்கும்.

மூன்று தடிமன்களில் மூன்று சட்டங்கள். தடிமன் ஏற ஏற வேகமும் ஏறும், மாணவர்கள் சாய்கோடு வரைவார்கள் என்பது மேடத்தின் கணக்கு. மதியத்துக்குள் அந்தக் கோடு வராவிட்டால் பழைய ஊசல் செய்முறையே திரும்பி வரும் என்று துறைத்தலைவர் சொல்லிவிட்டார்.

மூன்று சட்டமும் ஒரே வேகத்தில் விழுந்தன. கோடு கட்டாந்தரையாகக் கிடந்தது.

"மறுபடி" என்று தனக்கே சொல்லிக்கொண்டார். மறுபடியும் அதே கதை. உடனே தம்பிக்குப் போன் போட்டார். தகட்டுப் பட்டறை வைத்திருக்கும் அவன்தான் சட்டங்களை வெட்டித் தந்தவன்.

"மூணும் ஒரே தடிமன்ல வெட்டித் தொலைச்சியாடா?"

"ஏன்க்கா, உன் காந்தம் தூங்கினா நானா பொறுப்பு? தராசுல வெச்சுப் பாரு."

வைத்துப் பார்த்தார். ஒன்று, இரண்டு, மூன்று மடங்கு எடை. தம்பி தப்பித்தான். அடுத்து மின்தடையை அளந்தார். இரண்டாவதில் பாதி, மூன்றாவதில் மூன்றில் ஒரு பங்கு. மேடம் நெற்றியில் தட்டிக்கொண்டார். தடை மாறாது என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டிருந்தாரே! எடை எத்தனை மடங்கு கூடுகிறதோ, தடை அத்தனை மடங்கு குறைகிறது. மின்னோட்டமும் இழுப்பும் அதே அளவு கூடிவிடுகின்றன. வேகம் எப்படி மாறும்?

அப்படியானால் தடிமனை விட்டு உலோகத்தை மாற்ற வேண்டும். செம்பு விலை ஜாஸ்தி என்று தம்பி முதலில் அலுமினியத்தில் ஒன்று, பித்தளையில் ஒன்று வெட்டிப் பழகியிருந்தான். இரண்டும் மேசையில் காகிதம் பறக்காமல் காத்துக் கிடந்தன.

துறைத்தலைவர் வந்தார். "எங்கே மேடம், சாய்கோடு?"

"வரல சார். வராதுங்கிறதுதான் முடிவு. இந்தப் பித்தளை கிட்டத்தட்ட செம்பு எடைதான். எப்படி விழும்?"

"அதே மாதிரிதான்."

பித்தளை துறைத்தலைவர் கையை விட்டதும் சர்ரென்று இறங்கியது. செம்பின் வேகத்தைப் போல மூன்று மடங்குக்கும் மேல்.

"அட! தடை அதிகமா?"

"ஆமா சார். செம்பைவிட லேசான அலுமினியம் பாதி வேகத்துலதான் இறங்கும்."

அவரே அலுமினியத்தையும் விட்டுப் பார்த்தார். பிறகு பித்தளையை மறுபடி எடுத்தார்.

"ஊசல் அலமாரியிலயே தூங்கட்டும் மேடம். தடிமன் கேள்வியையும் எடுத்துடாதீங்க. பசங்களும் கொஞ்சம் ஏமாறட்டும்."

"சரி சார். மறுபடி ஒருதரம் விடுங்க, நேரம் குறிச்சுக்கிறேன்."