மூன்று வரிக்குள் ஒரு ஓட்டல்

திருவனந்தபுரத்தில் நான் வேலை பார்த்த தமிழ் நாளிதழுக்கு அங்கே ஒரே ஒரு பக்கம்தான் உண்டு. நகரச் செய்திகள் எல்லாம் அந்த ஒரு பக்கத்தில் அடங்க வேண்டும். சாலைக் கடைத்தெருவை ஒட்டிய ஒரு மாடியில் எங்கள் அலுவலகம். இரண்டு கம்ப்யூட்டர், ஒரு போன், மழை பெய்தால் ஒழுகும் ஒரு ஜன்னல். செய்தியைத் திருத்தித் தலைப்பு போடுவது நான். பக்கத்து நாற்காலியில் இருந்து பக்கத்தை வடிவமைப்பது கரமனை அக்ரஹாரத்துப் பெண் ஒருத்தி. எனக்குச் சம வயது. வாயும் சமம்தான். சாயங்காலம் ஏழு மணிக்குள் பக்கம் தலைமை அலுவலகத்துக்குப் போயாக வேண்டும். ஆறரைக்கு மேல் நாங்கள் போடும் சண்டை கீழே வெல்லக்கடை வரைக்கும் கேட்கும் என்பார்கள். அந்தச் சண்டைக்காகவே நான் தினமும் ஆசையாக மாடி ஏறினேன் என்று இப்போது தோன்றுகிறது.

சண்டை பெரும்பாலும் ஒற்றைப் பத்தித் தலைப்பைப் பற்றித்தான். எங்கள் பக்கத்தில் எட்டுப் பத்தி. ஒரு பத்தி நாலு விரல் அகலம் இருக்குமா, அவ்வளவுதான். தடித்த எழுத்தில் ஒரு வரிக்கு எட்டு எழுத்து பிடிக்கும், மிஞ்சினால் ஒன்பது. அதுவும் எண்ணிப் பார்த்து ஏமாறக் கூடாது. 'ர' ஒல்லி, 'ணை' குண்டு. ஒரே எண்ணிக்கை உள்ள இரண்டு சொல்லில் ஒன்று உட்காரும், இன்னொன்று வெளியே காலை நீட்டும். மூன்று வரிக்கு மேல் போகக் கூடாது. எழுத்தை நெருக்கிக் குறுக்கக் கூடாது. குறுக்கினால் தலைப்பு பட்டினி கிடந்த மாதிரி இருக்கும் என்று தலைமை அலுவலகத்தில் தடை போட்டிருந்தார்கள். இதற்கெல்லாம் மேலே ஒரு கட்டளை: தலைப்பில் வினை இருக்க வேண்டும். யார் என்ன செய்தார், என்ன நடந்தது என்பது தெரிய வேண்டும்.

நான் இதில் கெட்டிக்காரி என்று எனக்கு ஒரு நினைப்பு. 'பொன்முடி எஸ்டேட் லயன் வீடுகளில் குடிநீர் இல்லாமல் தொழிலாளர்கள் அவதிப்படுகின்றனர்' என்று நிருபர் அனுப்பினால், 'எஸ்டேட்டில் / குடிநீருக்கு / அலைகின்றனர்' என்று ஒரு நிமிஷத்தில் உட்கார வைப்பேன். பக்கத்து நாற்காலிக்காரி திரையைப் பார்த்து, "அடிபொளி" என்பாள். அந்த ஒரு பாராட்டுச் சொல்லுக்காக எவ்வளவு பாடுபட்டிருக்கிறேன்!

மத்தியானச் சாப்பாடு எங்களுக்கு ஆரியசாலையில். மொத்தக் கடைகளுக்கு நடுவே ஒரு சந்தில் தென்காசிப் பக்கத்து அக்கா ஒருத்தி சின்ன ஓட்டல் வைத்திருந்தாள். நாலு பெஞ்சு. கட்டட வேலைக்கு வந்தவர்களும் கடைச் சிப்பந்திகளும்தான் வாடிக்கை. புருஷன் இல்லை. அடுப்பும் கல்லாவும் அவளே. எனக்குக் கூட்டு கொஞ்சம் தூக்கலாகவே விழும். "எழுதுற பிள்ளை, தின்னாத்தான் கை ஓடும்" என்பாள்.

ஒரு நாள் சாயங்காலம் நிருபர் அனுப்பிய செய்தியைத் திறந்தால், அந்தச் சந்து, அந்த ஓட்டல். அங்கே சாப்பிட்ட கட்டடத் தொழிலாளி ஒருவருக்கு வயிற்றுப்போக்கு. சாம்பார் கெட்டிருந்தது என்று அவர் புகார் கொடுத்திருக்கிறார். உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் வந்து மாதிரி எடுத்துப் போயிருக்கிறார்கள். ஆய்வு முடிவு வர இரண்டு வாரம் ஆகும். இவ்வளவுதான் செய்தி. அழிக்கும் பொத்தான் வரை விரல் போனது. ஆனால் தெரிந்தவள் ஓட்டல் என்பதற்காகச் செய்தியைத் தூக்கிப் போட முடியுமா? அந்தத் தொழிலாளியும் மனுஷன்தானே. ஒழுங்காக ஒரு தலைப்பு போட்டேன். இரண்டு பத்தி அகலம், இரண்டு வரி: 'கெட்ட சாம்பார் என்று புகார்: / ஓட்டலில் மாதிரி எடுத்தனர்.' குறை சொல்ல முடியாத தலைப்பு.

ஆறே முக்காலுக்கு ஒரு நகைக்கடை விளம்பரம் வந்து சேர்ந்தது.

"இடமில்லைடி. உன் சாம்பாரை ஒரு பத்திக்கு மாத்து" என்றாள் பக்கத்து நாற்காலிக்காரி.

"பதினஞ்சு நிமிஷத்துலயா?"

"பத்து. கேட்டியா? பத்து."

'புகார்' என்பதை வைத்தால் 'எடுத்தனர்' நிற்கவில்லை. 'மாதிரி'யை வைத்தால் 'சாம்பார்' வெளியே போனது. 'கெட்டதா?' என்று கேள்விக்குறி போடலாமா என்று பார்த்தேன். நமக்கே தெரியாததை வாசகரிடம் கேட்பானேன் என்று அழித்தேன். போன் வேறு அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் ஒன்று விழுந்தது:

கெட்ட சாம்பார் / விற்ற ஓட்டலில் / சோதனை

மூன்று வரியும் கச்சிதமாக உட்கார்ந்தன. ஒரு மயிரிழை கூட மிச்சமில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரத்தில் எனக்கு வந்தது சந்தோஷம். ஓட்டல், அக்கா எல்லாம் மறந்துபோய், உட்கார்ந்துவிட்டதே என்ற சந்தோஷம். பக்கம் போனது. தலைமை அலுவலகத்திலும் யாரும் கேட்கவில்லை. நானும் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

மறுநாள் காலை பஸ் ஸ்டாப் பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, ஒருவர் எங்கள் பேப்பரை விரித்து அடுத்தவரிடம் சொன்னார்: "ஆரியசாலையில கெட்ட சாம்பார் வித்திருக்காங்க, கண்டோ?" டீயைப் பாதியில் வைத்துவிட்டு அந்தத் தலைப்பை எட்டிப் பார்த்தேன். விற்றார்கள் என்று யார் சொன்னது? நிருபர் சொல்லவில்லை. அதிகாரிகள் சொல்லவில்லை. புகார் கொடுத்தவர் கூடத் தான் சாப்பிட்டது கெட்டிருந்தது என்றுதான் சொன்னார். நான் சொல்லியிருக்கிறேன்! 'புகார்' என்ற மூன்று எழுத்தை வெளியே தள்ளினேன், நடந்த ஒரே காரியமான 'எடுத்தனர்' என்பதையும் தள்ளினேன், காலியான இடத்தில் யாரும் சொல்லாத ஒன்றைக் கொண்டுவந்து உட்கார வைத்தேன். கெட்டிக்காரி! செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

திருத்தம் போடலாம் என்று தலைமை அலுவலகத்துக்கு போன் செய்தேன். "உள்ள செய்தி சரியாத்தானம்மா இருக்கு" என்று சொல்லி வைத்துவிட்டார்கள். உள்ளே சரியாகத்தான் இருந்தது. உள்ளே வரைக்கும் எத்தனை பேர் போகிறார்கள்?

அன்றைக்கு மத்தியானம் நான் ஆரியசாலைப் பக்கம் போகவில்லை. அடுத்த நாளும் போகவில்லை. சோற்று டப்பா கட்டிக்கொண்டு வந்தேன். பக்கத்து நாற்காலிக்காரிதான் போய்விட்டு வந்து சொல்வாள், நாலு பெஞ்சில் மூன்று காலி என்று. "ஒரு தடவை போய் முகத்தைக் காட்டேண்டி" என்றாள். எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவது? அதற்குப் பதில் தினமும் காலையில் நிருபரைப் பிடித்துக்கொண்டேன். முடிவு வந்ததா, முடிவு வந்ததா என்று நான் அரித்த அரிப்பில், "சேச்சி, லேபுக்கே போய் இரிக்கட்டா?" என்று அவர் எரிந்து விழுந்தார்.

இரண்டு வாரம் கழித்து முடிவு வந்தது. எடுத்த மாதிரி தரத்தோடு இருக்கிறது என்று நாலு வரி. நான் கத்தியதில் வெல்லக்கடைக்காரர் மாடி ஏறி வந்துவிட்டார். இரண்டு பத்தி கொடு என்று பக்கத்து நாற்காலிக்காரியிடம் கெஞ்சினேன். நாலு வரிச் செய்திக்கு ஒற்றைப் பத்தியே அதிகம் என்றாள். சரி, வா என்று உட்கார்ந்தேன். மூன்றாவது நிமிஷமே அடித்தேன்:

ஓட்டல் மீது / பொய்ப் புகார்: / அம்பலம்

கச்சிதம். முன்பு வந்த அதே சந்தோஷம். அவள் எட்டிப் பார்த்தாள். இந்தத் தடவை அடிபொளி வரவில்லை.

"பொய்யுன்னு ஆரு சொன்னா?" என்றாள்.

"மாதிரி நல்லா இருக்குன்னு வந்திருக்கில்ல?"

"மாதிரி நல்லா இருக்கு. அந்த மனுஷனுக்கு வயித்தால போனது பொய்யா? மறுபடியும் அதே வேலையைப் பண்றே, கேட்டியா. அன்னிக்கு அக்கா தலையில போட்டே. இன்னிக்கு அந்த ஆள் தலையில."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நீ யார் எனக்குச் சொல்ல என்று கூடக் கேட்டுவிட்டேன். அவள் அடுத்த செய்தியை எடுத்து ஒட்ட ஆரம்பித்தாள். பிறகு நிருபரின் நாலு வரியை இன்னொரு தடவை படித்தேன். நடந்தது என்ன? சாம்பாரைச் சோதித்தார்கள். அது தேறியது. அவ்வளவுதானே! அந்தச் சொல்லை அடித்துப் பார்த்தேன். நாலே எழுத்து. அதற்கு மேலே மற்ற இரண்டு வரியும் தாமாக வந்து உட்கார்ந்தன:

ஓட்டல் உணவு / சோதனையில் / தேறியது

முதல் வரி மட்டும் ஓரத்தை உரசிக்கொண்டு நின்றது. யாரையும் திட்டவில்லை, யாரையும் தூக்கிப் பிடிக்கவும் இல்லை. அவள் பார்த்தாள், தலையை ஆட்டினாள், ஏழுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது பக்கத்தை அனுப்பினாள்.

மறுநாள் மத்தியானம் பேப்பரை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஆரியசாலைக்குப் போனேன். உள்ளே ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். அக்கா இலை போட்டுக்கொண்டிருந்தாள். பேப்பரை நீட்டினேன். கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, எழுத்துக் கூட்டி மூன்று வரியையும் வாசித்தாள்.

"தேறிட்டா? பரீட்சை எழுதுன பிள்ளை மாதிரில்லா போட்டிருக்கு" என்று சிரித்தாள்.

"அக்கா, முன்னால போட்டதும் நான்தான். அந்த 'விற்ற' நான் போட்டது. அப்படி யாரும் சொல்லல. இடம் பத்தாம நானாப் போட்டுட்டேன்."

அவள் சிரிப்பு நின்றது. என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அப்படியா சங்கதி. நான் வேற மாதிரில்லா நெனச்சேன்" என்றாள். "பேப்பரைப் பாத்துட்டு வராமப் போனவன் எல்லாம் ஒரு நாள் தின்னவன், ரெண்டு நாள் தின்னவன். அவன் போகட்டும். நீ மூணு வருஷமாத் தின்னவ மோளே. நீயும் வரலையா... அப்போ நெசமாவே என் கையில எதோ கெட்டுப்போச்சு போலன்னு, ரெண்டு வாரமா நானே சாம்பாரைத் தொட்டு நாக்குல வச்சு வச்சுப் பாக்கேன்."

மன்னித்துக்கொள் என்று சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் அவள் உள்ளே போய்விட்டாள். திரும்பி வரும்போது கையில் சாம்பார் வாளி இருந்தது. எனக்கு ஊற்றுவதற்கு முன்னால், கரண்டியில் ஒரு துளி எடுத்துத் தன் உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தாள்.