மேட்டூருக்கு முந்தைய ஏப்ரல்

பள்ளிக்கு எதிரே என் ஜெராக்ஸ் கடை. தஞ்சாவூரிலிருந்து வரும் டவுன் பஸ் புது ஆற்றுப் பாலம் தாண்டி நிற்கும் இடத்தில் இருக்கிறது. இருபது வருடமாக நாட்குறிப்பு எழுதி வருகிறேன். மழை பெய்த நாள், வாய்க்காலில் தண்ணீர் வந்த நாள், கடையில் மெஷின் மாற்றிய நாள் எல்லாம் அதில் இருக்கும். தேதி தவறாக அச்சான ஒரு காகிதம் என் மெஷின் வழியாகப் போனால் எனக்குக் கை அரிக்கும்.

அப்படித்தான் வரலாற்று மன்றத்துக்குள் போனேன். நடுநிலைப் பள்ளியின் வரலாற்று ஆசிரியர் பிரதி எடுக்கக் கொண்டுவந்த தாளில் ஓர் ஆண்டு பிசகியிருந்தது. பென்சிலால் வட்டம் போட்டுக் கொடுத்தேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடுக்கு வரச் சொன்னார். கையில் ஒரு பழைய சைக்கிள் மணியைக் கொடுத்து, "நீங்கதான் இனிமே தேதி மணி" என்றார்.

மன்றத்தில் பிள்ளைகள் பழைய நிகழ்ச்சி ஒன்றுக்குள் புகுந்து, ஆளுக்கொரு பாத்திரமாக நின்று வாதாடுவார்கள். மனப்பாட வசனம் கிடையாது. ஒவ்வொருவருக்கும் ஒரு பாத்திரச் சீட்டு. நான் யார், எனக்கு என்ன வேண்டும், எதற்குப் பயப்படுகிறேன், எனக்கு மட்டும் தெரிந்தது என்ன என்று நான்கு வரி அதில் இருக்கும். சீட்டைக் குலுக்கித்தான் எடுக்க வேண்டும், மாற்றிக்கொள்ளக் கூடாது. ஒரு வாரம் படிக்கலாம். பேசும்போது 'நான்' என்றே பேச வேண்டும். அந்தத் தேதிக்குப் பிறகு நடந்தது எதுவும் பாத்திரத்துக்குத் தெரியாது. மறந்து சொல்லிவிட்டால் நான் மணி அடிப்பேன், சொன்னவர் அந்த வாக்கியத்தைத் திரும்பப் பெற வேண்டும். சுதந்திரம் கிடைத்துவிட்டதாக 1857இல் ஒரு பையன் அறிவித்தபோது நான் அடித்த அடியில் மணியின் மூடி கழன்று ஓடியது.

சீட்டுகளைத் தட்டச்சு செய்யும் வேலையும் விரைவில் என்னிடம் வந்தது. பிறகு சீட்டுகளை எழுதும் வேலையும்.

ஆகஸ்டில் நாங்கள் எடுத்துக்கொண்டது வேதாரண்யம் உப்பு யாத்திரை. 1930 ஏப்ரல் 13ஆம் தேதி திருச்சியிலிருந்து தொண்டர்கள் நடக்கத் தொடங்கி, தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி வழியாக 28ஆம் தேதி வேதாரண்யம் சேர்ந்தார்கள். வழியில் அவர்களுக்குச் சோறோ இடமோ கொடுப்பவர்களுக்குச் சிறை என்று தஞ்சை மாவட்ட ஆட்சியர் உத்தரவு போட்டிருந்தார். மன்னார்குடிக்குத் தெற்கே பெயர் குறிக்காத ஒரு கிராமம், மாலை நேரம், தொண்டர்கள் ஊர் எல்லைக்கு வந்துவிட்டார்கள். சோறு போடுவதா, வேண்டாமா? ஊர் கூடிப் பேசுகிறது.

பாத்திரங்கள் நான்கு. முன்னால் வந்த ஒரு தொண்டர். உழுது பயிரிடும் ஒரு விவசாயி. நடவு வேலை செய்யும் ஒரு பெண். ஊர்ப் பட்டாமணியார், அதாவது கிராம முன்சீப். வரி வசூல் அவர் பொறுப்பு. சோறு போட்டவர் யார் என்று எழுதி அனுப்ப வேண்டியதும் அவர்தான். மற்ற ஏழு பிள்ளைகள் ஊரார். வகுப்பின் நடுவே ஒரு சாக்பீஸ் கோடு. கிழக்கே தொண்டர் பக்கம், மேற்கே பட்டாமணியார் பக்கம். யார் பேச்சு மனசில் பட்டதோ அந்தப் பக்கம் ஊரார் எழுந்துபோய் உட்காரலாம். மனம் மாறினால் திரும்பவும் வரலாம்.

பட்டாமணியார் சீட்டு ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்திக்கு விழுந்தது. இரட்டைப் பின்னல், கண்ணாடி, குரல் மட்டும் மைக் வைத்ததுபோல் இருக்கும். சீட்டைப் பிரித்ததும் அந்தக் குரல் காணாமல் போனது.

"சார், இது துரோகி சார்."

"துரோகியா இல்லையான்னு நீதான் சொல்லணும். அதுக்குத்தான் சீட்டு."

"யாருமே என் பக்கம் வரமாட்டாங்க சார்."

"வர வைக்கணும்மா."

தொண்டர் சீட்டு கிடைத்த பையன் பின்னாலிருந்து கத்தினான். "பட்டாமணியாரே, தனியா உக்காந்து பல்லாங்குழி ஆடுங்க!"

இதில் இன்னொரு சிக்கல் இருந்தது. வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடைக் கணக்குக்குக் கொடுத்துவிடலாம் என்று தலைமை ஆசிரியை யோசித்துக்கொண்டிருந்தார். கடைக்கு வினாத்தாள் பிரதி எடுக்க வந்தவர் என்னிடமே சொன்னார். "எல்லாருக்கும் முடிவு தெரிஞ்ச கதைய நடிச்சுக் காட்டுறதுக்கு வாரம் ஒரு பீரியடா? ஆண்டுவிழாவுல வேஷம் போட்டுட்டுப் போவலாமே. இந்த வாரம் வந்து பாக்குறேன். ஒரு பக்கமாவே பேசுனாங்கன்னா, அடுத்த வாரத்துலேருந்து கணக்கு."

ஆக, கோட்டின் மேற்குப் பக்கம் ஒருவராவது போய் உட்கார வேண்டும். இல்லாவிட்டால் மன்றம் இல்லை. இது அந்தப் பெண்ணுக்கும் தெரிந்துவிட்டது. வாரம் முழுக்க மதிய இடைவேளையில் கடைக்கு வந்து, ஆட்சியர் உத்தரவைப் பற்றிய குறிப்பையும் பழைய வரைபடத்தையும் மாறி மாறிப் படித்தாள்.

வெள்ளிக்கிழமை தலைமை ஆசிரியை நாற்காலியோடு வந்து கோட்டுக்கு மேலேயே போட்டு உட்கார்ந்தார். தொண்டர் முதலில் பேசினான். நன்றாகவே பேசினான்.

"கடல் நம்மளது, வெயில் நம்மளது. உப்பு மட்டும் எப்படிங்க அவங்களோடது? நான் உங்கள்ட்ட காசு கேக்கல. ஒரு வேளைச் சோறு, படுக்க ஒரு இடம்."

ஏழு பேரும் எழுந்து கிழக்கே போனார்கள். மூன்று நிமிடம்கூட ஆகியிருக்காது. தலைமை ஆசிரியை கடிகாரத்தைப் பார்த்தார். ஆசிரியர் என்னைப் பார்த்தார். நான் மணியைப் பார்த்தேன்.

அடுத்தது விவசாயி. எட்டாம் வகுப்புப் பையன், தோளில் நிஜத் துண்டு. "சோறு போட எனக்கு ஆசைதாங்க. ஆனா ஆறு மாசம் உள்ள போட்டுட்டா என் நடவு என்னாவும்? மேட்டூர் தெறக்குறதுக்குள்ள உழுது போடணும். ஜூன் பன்னெண்டு வந்தா தண்ணி வந்துரும்."

நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். வகுப்பில் பாதிப் பேர் தலையாட்டினார்கள். ஜூன் பன்னிரண்டு என்றால் மேட்டூர். எங்களுக்கு இது மூச்சு விடுவது மாதிரி. யாரும் அதில் தேதியைத் தேட மாட்டோம்.

பட்டாமணியார் எழுந்தாள். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டாள்.

"எந்த மேட்டூருப்பா?"

விவசாயி திரும்பினான். "மேட்டூர் அணைங்க. சீட்டுல…"

"அணையா? அத இன்னும் கட்டிக்கிட்டில்ல இருக்காங்க. அங்க கல்லு சொமக்கப் போன என் மச்சான் இன்னும் ஊருக்கே வரல. நீ அதுக்குள்ள தெறந்து வுட்டுட்டியே!"

வகுப்பு ஒரு கணம் புரியாமல் நின்றது. எனக்குப் புரிந்துவிட்டது. மேட்டூர் அணை கட்டி முடிந்தது 1934இல். அந்தச் சீட்டை எழுதியது நான். தட்டச்சு செய்தது நான். மணியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததும் நான்.

ஆசிரியர் வாய்க்குள் சிரித்துக்கொண்டிருந்தார். விவசாயி என் பக்கம் திரும்பி, "அக்கா?" என்றான். வேறு வழியில்லை. எனக்கு நானே மணி அடித்தேன். வகுப்பு கூரை பிய்ந்துபோகிற மாதிரி சிரித்தது. தலைமை ஆசிரியையும் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார்.

அவள் மட்டும் சிரிக்கவில்லை. பாத்திரத்தை விட்டு இறங்கவே இல்லை. சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து தொடர்ந்தாள்.

"எனக்குப் பேராவூரணிப் பக்கம் சம்பந்தி வீடு. மழைய நம்பி, ஏரிய நம்பி உக்காந்திருக்குற ஊரு. அந்த அணை வந்தா அதோட ஒரு புது ஆறு வெட்டி அங்கவரைக்கும் தண்ணி கொண்டு போவப் போறாங்க. கட்டுறது யாரு? இந்த அரசாங்கம். இன்னக்கி நீங்க சோறு போடுவீங்க, நான் பேரெழுதி அனுப்புவேன், நாளைக்கி இந்த ஊரு சண்டைக்கார ஊருன்னு ஆயிரும். வாய்க்கால் வெட்டச் சொல்லி மனு போட்டா யாரு கேப்பா? நான் வெள்ளக்காரனுக்காகப் பேசல. கடைமடைக்காகப் பேசுறேன்."

கடைமடை என்ற சொல் அந்த வகுப்பில் விழுந்த விதத்தை நாட்குறிப்பில் எழுதியிருக்கிறேன். வாய்க்காலின் கடைசி வயலுக்குத் தண்ணீர் வரவில்லை என்று வீட்டில் தினம் கேட்கும் பிள்ளைகள். ஊராரில் ஒரு பெண் எழுந்தாள். பையை எடுத்துக்கொண்டு கோட்டைத் தாண்டினாள். அவளைப் பார்த்து இன்னொருவன். பிறகு மூன்றாவது ஆள். கடைசியாக, தலைமை ஆசிரியை நாற்காலியைக் கையில் தூக்கி மேற்கே நகர்த்தினார்.

தொண்டர் பதறிவிட்டான். "மேடம் ஊராரா சார்? அது கணக்குல வருமா?"

"உன் பேச்சுக்கு வரல, அவ பேச்சுக்கு வந்திருக்காங்க. பதில் சொல்லுப்பா."

அவன் யோசித்தான். மேடைப் பேச்சு போய், நிஜப் பேச்சு வந்தது. "சரிங்க பட்டாமணியாரே. அணைய யாரு பணத்துல கட்டுறாங்க? நீங்க வசூல் பண்ற கிஸ்திலதான? கஞ்சில போடுற உப்புக்கு வாங்குற வரிலதான? நம்ம பணத்துல கட்டுற அணைக்கு நாம ஏன் பயப்படணும்?" ஒருவன் திரும்பக் கிழக்கே போனான்.

அதுவரை பேசாமல் சுவரோரம் நின்ற நடவுப் பெண் அப்போதுதான் வாயைத் திறந்தாள். ஆறாம் வகுப்பு, சின்னப் பெண்.

"ஊரு கூடிப் பேசுதுன்னு சொன்னீங்க. நான் உள்ள வந்து உக்காரலாமா, வெளியிலயே நிக்கணுமா?"

ஆசிரியர் "நில்" என்றார். எங்கள் விதிப்படி அந்தச் சொல் வந்தால் எல்லோரும் அப்படியே உறைந்து நிற்க வேண்டும். தொடப்பட்டவர் மட்டும் மனசில் ஓடுவதைச் சொல்லலாம். அவர் விவசாயியின் தோளைத் தொட்டார். "இவங்கள நான் கூப்பிட்டிருக்கணும்," என்றான் அவன் மெதுவாக. "கூப்பிடல."

மீண்டும் பேச்சு தொடங்கியதும் அவள் உள்ளே வந்தாள். கோட்டின் மேலேயே உட்கார்ந்தாள். "கையில குடுத்தாதான குத்தம்? நான் வயலுக்குத் தூக்குல கஞ்சி கொண்டு போவேன். வரப்புல வச்சுட்டு மறந்துட்டு வந்துட்டா என்னங்க பண்ணுவீங்க?"

எல்லோரும் பட்டாமணியாரைப் பார்த்தார்கள். அவள் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சீட்டில் அதற்கு வழியில்லை.

"குடுத்தவங்க பேரத்தான் எழுதச் சொல்லியிருக்காங்க. மறந்தவங்க பேர எழுதச் சொல்லல." கூடவே சேர்த்தாள். "நல்லா மூடி வச்சுட்டு மறங்க. காக்கா வரும்."

மணி அடித்தது. இது பள்ளி மணி. யாரும் பையைத் தூக்கவில்லை.

பாத்திரத்தை விட்டு வெளியே வருவதற்கும் எங்களிடம் ஒரு முறை உண்டு. சீட்டைக் கவிழ்த்து வைத்து, சொந்தப் பெயரைச் சொல்லி, தன் பாத்திரம் சொன்னதில் தனக்கு ஒப்பாத ஒன்றைச் சொல்ல வேண்டும். இரட்டைப் பின்னல் பெண் சொன்னாள்: "நானா இருந்தா மொதல்லயே சோறு போட்டிருப்பேன். ஆனா அவரு துரோகி இல்ல." பேராவூரணி அவள் அம்மாவின் ஊராம். புது ஆறு எப்போது வந்தது என்று அவள் வீட்டில் கேட்டிருக்கிறாள். மேட்டூர் அணையோடு சேர்ந்து, 1934இல் என்று பதில் வந்திருக்கிறது.

பிறகுதான் ஆசிரியர், பிள்ளைகளுக்குக் கொடுத்த குறிப்புகளிலிருந்து வேண்டுமென்றே எடுத்துவைத்திருந்த செய்தியைச் சொன்னார். அந்த வழியில் மக்கள் சோற்றுப் பொட்டலங்களை மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள், தொண்டர்கள் எடுத்துச் சாப்பிட்டார்கள். ஆறாம் வகுப்புப் பெண் இரண்டு கையாலும் பெஞ்சைத் தட்டினாள். "நான் அதத்தான சொன்னேன்! நான் அதத்தான சொன்னேன்!"

தலைமை ஆசிரியை எழுந்தார். "யாரு ஜெயிச்சாங்க?"

"தெரியல மேடம்," என்றார் ஆசிரியர்.

தலைமை ஆசிரியை நாற்காலியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். கணக்கு என்றும் சொல்லவில்லை, மன்றம் என்றும் சொல்லவில்லை.

விவசாயியின் அந்தச் சீட்டு என் நாட்குறிப்பில் ஒட்டியிருக்கிறது, 'மேட்டூர்' என்ற சொல்லில் சிவப்பு வட்டத்தோடு. வட்டம் போட்டது இரட்டைப் பின்னல் பெண். மறுநாள் காலை கடை திறக்கும் முன்பே வந்து, என் பேனாவையே வாங்கிப் போட்டாள்.

அடுத்த வெள்ளி, மன்றத்தில் யாத்திரை வேதாரண்யம் சேர்ந்துவிட்டிருந்தது. ஏப்ரல் 30, உப்பு அள்ளும் நாள். சீட்டு டப்பா சுற்றி வந்தபோது வாசலில் நாற்காலிச் சத்தம். தலைமை ஆசிரியை உட்கார்ந்து, டப்பாவுக்குள் கையை விட்டு, ஒன்றை எடுத்துப் பிரித்தார். முகம் சுருங்கியது.

"உப்பளத்துப் போலீஸ்காரரா? வேற ஒண்ணு எடுத்துக்கவா?"

பதினோரு குரல் ஒன்றாக வந்தது. "மாத்த முடியாது மேடம்!"