டைரக்ட் என்ற வரி

காங்கேயத்தில் ஒரு தேங்காயெண்ணெய் ஆலையின் இணையக் கடையை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். தளத்துக்கு வருகிறவர்கள் எந்த வழியாக வருகிறார்கள் என்று மாதாமாதம் அறிக்கை எடுத்துத் தர வேண்டும். தேடுபொறியில் தேடி வந்தவர்களுக்கு ஒரு வரி, சமூக ஊடக இணைப்பைத் தொட்டு வந்தவர்களுக்கு ஒரு வரி, ‘டைரக்ட்’ என்று ஒரு வரி. அந்த மூன்றாவது வரியை நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

ஒரு மாதம் டைரக்ட்தான் எல்லாவற்றையும்விட உயரமாக நின்றது. கோவையிலிருந்து வந்திருந்த விளம்பர ஏஜென்சிக்காரர் கால்மேல் கால் போட்டுக்கொண்டு விளக்கினார்.

“டைரக்ட்டுன்னா நம்ம பேரை ஞாபகம் வெச்சு அவிங்களே டைப் பண்ணி வாராங்கன்னு அர்த்தமுங்க. பஸ் பின்னாடி போட்ட விளம்பரம் வேலை செய்யுதுங்க.”

முதலாளிக்கு வாயெல்லாம் பல். உடனே என் பக்கம் திரும்பினார். “சோசியல் மீடியா வரி இத்தனூண்டுதான் இருக்குது. அப்ப வாட்ஸ்அப்புல உக்காந்திருக்கற அம்மணி எதுக்குங்க? அடுத்த மாசத்தோட நிறுத்திப்போடலாமுங்களா?”

அந்த அம்மணி எங்கள் பேக்கிங் அறை ஓரத்தில் ஒரு போனோடு இருக்கும் அக்கா. குழந்தைக்குத் தேய்க்கலாமா, பலகாரத்துக்கு எது நல்லது என்று நாளெல்லாம் வரும் கேள்விகளுக்குப் பதில் சொல்லி, ஏற்ற எண்ணெயின் இணைப்பையும் அனுப்புவார். வாங்கியவர்கள் அந்த இணைப்பைத் தங்கள் குலதெய்வக் கோயில் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிடுவார்கள். அவர் வீட்டில் சம்பளம் வாங்குகிறவர் அவர் ஒருவர்தான்.

எனக்குச் சந்தேகம் தட்டியது. அந்த டைரக்ட் ஆட்கள் தளத்தில் முதலில் எந்தப் பக்கத்தில் இறங்கினார்கள் என்று பார்த்தேன். பாதிப் பேருக்குமேல் முகப்புப் பக்கத்தில் இல்லை. குழந்தை எண்ணெய்ப் பக்கத்தில். அதன் முகவரி ஒன்றரை வரி நீளம். பஸ்ஸின் முதுகைப் பார்த்துவிட்டு எந்த மகராசன் அதை டைப் செய்வான்? வாட்ஸ்அப்பில் இணைப்பைத் தொட்டு வருகிறவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்ற தடயம் பல நேரம் தளத்துக்குக் கிடைக்காது. வழி தெரியாதவர்களை எல்லாம் கணினி டைரக்ட்டில் தள்ளிவிடும். இவர்கள் அதற்குப் புகழ் என்று பெயர் வைத்துவிட்டார்கள்!

அக்கா அனுப்பும் ஒவ்வொரு இணைப்பின் வாலிலும் ‘வாட்ஸ்அப்’ என்று ஒரு குறிப்பைச் சேர்த்துக் கொடுத்தேன். அதைத் தொட்டு வருகிறவர்களைக் கணினி தனியாக எண்ணிவிடும். இரண்டு வாரத்தில் டைரக்ட் இறங்கியது. வாட்ஸ்அப் என்று புதிதாக ஒரு வரி ஏறி நின்றது. ஆர்டர்களும் அதில்தான் அதிகம். முதலாளி பார்த்தார். “செரி, அந்த அம்மணி இருக்கட்டுமுங்க” என்றார். அவ்வளவுதான். தப்பாகச் சொன்ன ஏஜென்சிக்காரரை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அக்காவிடம் ஓடிப்போய்த் திரையைக் காட்டினேன். அவர் விரலால் அந்தப் புது வரியைத் தடவிப் பார்த்தார்.

“இது இந்த ரெண்டு வாரத்துதானுங்க கண்ணு. அதுக்கு முந்தி மூணு வருசமா நான் அனுப்புனதெல்லாம்?”

“அது டைரக்ட்டுலயேதானுங்கக்கா இருக்கும். பழசை மாத்த முடியாதுங்க.”

“செரி” என்று சொல்லிவிட்டு, காத்திருந்த அடுத்த ஆளுக்கு இணைப்பை அனுப்பத் தொடங்கினார்.