தரையில் அளக்காத காற்று

குளிரறைக் கதவைத் திறந்தால் காற்று எந்தப் பக்கம் ஓடும் என்று யாராவது கேட்டால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது. பதில் எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்திருந்தும் என்ன செய்தேன் என்பதுதான் உறுத்துகிறது.

மலேசியாவில், செனாவாங்கில் ஒரு தொழிற்சாலையில் நான் பராமரிப்பு டெக்னீஷியன். பரோட்டாவும், உருளைக்கிழங்குக் கறி அடைத்த கறிபாப்பும் செய்து, உறையவைத்து, லாரியில் ஏற்றி அனுப்புகிற இடம். அந்த வேலையை எனக்கு வாங்கித் தந்தவர் ஓர் அக்கா. கூடப் பிறந்தவர் இல்லை. பகாவ் பக்கம் ஒரே தோட்டத்தில், தொழிலாளர் வீட்டு வரிசையான ஒரே லயத்தில் இருந்தோம். தோட்டம் கைமாறியதும் அவர் முதலில் இங்கே வந்து, குளிரறையில் பெட்டி அடுக்கும் வேலையில் சேர்ந்தார். ஏஜென்ட் மூலம் வந்த கான்ட்ராக்ட் வேலை. எனக்காக மேனேஜரிடம் இரண்டு முறை போய் நின்றார். "நம்ம புள்ளதான் சார், மெசின் வேல நல்லா தெரியும்" என்றாராம். மேனேஜரும் தமிழர்தான். அதில் எனக்கு அப்போது பெருமைகூட இருந்தது.

நான் சேர்ந்த சில மாதங்களில், ஃபோர்க்லிஃப்ட் நேராக உள்ளே போக வேண்டும் என்று குளிரறைக் கதவை உயர்த்திக் கட்டினார்கள். இரண்டரை மீட்டர் வாசல் மூன்று மீட்டர் ஆனது. அதுவரை வாசலில் தொங்கிய பிளாஸ்டிக் பட்டைகளைக் கழற்றிவிட்டுக் காற்றுத்திரை மாட்டலாம் என்றார் மேனேஜர். வாசலுக்கு மேலே, வெளிப்பக்கமாக மாட்டும் நீளப் பெட்டி அது. கதவு திறந்ததும் வாசலின் அகலம் முழுக்க மேலிருந்து கீழே காற்றை அடித்து, உள்ளே இருக்கும் குளிரையும் வெளியே இருக்கும் வெக்கையையும் பிரித்து வைக்கும். தேர்வு செய்து சொல்லும் பொறுப்பு எனக்கு வந்தது.

இரண்டு கேட்டலாக்குகளை வைத்துக்கொண்டு ஒரு வாரம் உட்கார்ந்தேன். குளிர்ந்த காற்று கனமானது. கதவு திறந்தால் அது தரையோடு வெளியே வழியும், வெளியே இருக்கும் ஈர வெக்கை மேல்பாதி வழியாக உள்ளே புகும். ஆகவே காற்றுத்திரையின் வீச்சு தரையைத் தொட்டே ஆக வேண்டும். காற்று வெளியேறும் பெட்டி வாயில் எத்தனை வேகம் என்பது பெரிதில்லை. கீழே இறங்க இறங்க அது பரந்து தளர்ந்துவிடும். தரையருகே நொடிக்கு இரண்டு மூன்று மீட்டராவது மிஞ்ச வேண்டும். அதற்காகக் கண்டபடி பலமானதை மாட்டினாலும் தரையில் மோதிச் சிதறி வெக்கையை உள்ளே தள்ளிவிடும். இதையெல்லாம் பார்த்து, மூன்று மீட்டர் வாசலுக்கான மாடலை எழுதிக் கொடுத்தேன்.

மேனேஜர் கேட்டலாக்கில் அடுத்த பக்கத்தைப் புரட்டினார். அதற்கு ஒரு படி சின்ன மாடல் அங்கே இருந்தது, இரண்டரை மீட்டர் வாசலுக்கானது.

"இதுல மோட்டர் சின்னது. கரண்டு கம்மியா இழுக்கும். மிச்சம்னா இதுதானே மிச்சம்?"

"சார், மிச்சம் மோட்டர்ல இல்ல. குளிர் வெளிய போகாம நிறுத்தினாதான் கம்ப்ரசர் கம்மியா ஓடும். காத்து தரைக்கு வரலன்னா ஒண்ணும் மிச்சமாகாது."

"அரை மீட்டர்தான்லா. பெருசா பேசாத."

நான் வாயை மூடிக்கொண்டேன். என் வேலையை இன்னும் உறுதிப்படுத்தியிருக்கவில்லை. சின்ன மாடல் வந்தது. மாட்டியதும் நானே.

மாட்டிய மறுநாள் அக்கா என்னைக் கூப்பிட்டார். "தம்பி, பசியாறிட்டியா? இங்க வா, இதக் கொஞ்சம் பாரு." வாசலில் நின்று தன் பூட்ஸைக் காட்டினார். "தலையில காத்து அடிக்குது. முழங்காலுக்குக் கீழ ஒண்ணுமே இல்ல. முன்ன பிளாஸ்டிக் இருந்தப்ப இப்படி காலு வெறைக்காது."

நான் காற்றின் வேகத்தை அளக்கும் மீட்டரை எடுத்து வந்து குனிந்து பிடித்தேன். அவர் சொன்னதில் ஒரு நூல்கூடப் பிசகில்லை. பெட்டியின் வாயில் நொடிக்குப் பதினொரு மீட்டர். முழங்காலுக்குக் கீழே நொடிக்கு அரை மீட்டர்கூட இல்லை. தரையோடு வெள்ளைப் புகையாகக் குளிர் வெளியே வழிந்துகொண்டிருந்தது.

அன்று மாலை மேனேஜர் பரிசோதனைப் படிவத்தை நீட்டினார். அதில் காற்றின் வேகத்துக்கு ஒரே ஒரு கட்டம். எங்கே அளந்தது என்று கேட்கக் கட்டம் இல்லை.

"கீழ காத்தே வரல சார்."

"ஃபார்ம்ல கீழன்னு எங்கயாச்சும் போட்டிருக்கா? வாயில எவ்வளவு?"

"பதினொண்ணு."

"அதப் போடு. உன் கன்ஃபர்மேஷன் பேப்பரும் என் மேசையிலதான் இருக்கு."

பதினொன்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பொய்யான எண் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மடையன், அந்தச் சமாதானத்தில் அன்று தூக்கமும் வந்தது.

மூன்றாவது வாரமே வாசலுக்கு உள்ளே தரையில் கண்ணாடி மாதிரி பனி பிடிக்கத் தொடங்கியது. உள்ளே புகுந்த ஈரம் எங்கே போகும்? குளிரூட்டியின் குழாய்களும் பனி மூடி அடைத்துக்கொண்டன. கம்ப்ரசர் முன்பைவிட அதிகமாக ஓடியது. அக்காவும் கூட இருந்தவர்களும் தரையைச் சுரண்டிச் சுரண்டிப் பார்த்தார்கள். கதவைத் திறந்தால் திரும்பவும் பிடிக்கும். ஒரு காலை, பெட்டி வண்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போன அக்கா வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது.

விசாரணை என்று ஒன்று நடந்தது. என் படிவத்தை மேசைமேல் வைத்தார்கள். காற்றுத்திரை சரியாக வேலை செய்கிறது, கையெழுத்து இருக்கிறது, ஆகவே குறை தொழிலாளியிடம் என்று எழுதினார்கள். கவனக்குறைவு, அவசர நடை. நானும் அந்த அறையில்தான் இருந்தேன். ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார்கள். இல்லை என்று தலையாட்டினேன். அக்காவின் கான்ட்ராக்ட் புதுப்பிக்கப்படவில்லை. என் வேலை உறுதியானது.

கம்ப்ரசர் ஒன்று எரிந்துபோன பிறகுதான் மேலிடம் விழித்துக்கொண்டது. நான் முதலில் எழுதிய அதே மாடலை வாங்கினார்கள். வாயைக் கொஞ்சம் வெளிப்பக்கம் சாய்த்து, கதவு திறந்தால் மட்டும் ஓடும்படி சுவிட்ச் வைத்து மாட்டினேன். இந்த முறை மண்டியிட்டு, தரையில் மூன்று இடத்தில் அளந்தேன். நொடிக்கு இரண்டரை மீட்டருக்குக் குறையவில்லை. பனி நின்றது. கம்ப்ரசர் இடைவெளி விட்டு ஓடியது. மின்சார மிச்சத்துக்காக மேனேஜருக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள், நானும் கைதட்டினேன். அந்தக் கைகளை வெட்டிப் போடலாம் போல இருந்தது.

அதன் பிறகே அக்காவைப் பார்க்கப் போனேன். அடுக்குமாடி வீட்டில் மூன்றாவது மாடி, லிஃப்ட் ஓடவில்லை. இந்தப் படிகளை அவர் எப்படி ஏறி இறங்குகிறார் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஊன்றுகோலை நாற்காலியில் சாய்த்துவிட்டு மைலோ கலக்கித் தந்தார். கோபமாகப் பேசியிருந்தால் தேவலை. வீட்டில் எல்லாரும் சுகமா என்று கேட்டார். பிறகு வேலையைப் பற்றி.

"பனி இன்னும் பிடிக்குதா தம்பி?"

"இல்லக்கா. புதுசு மாட்டியாச்சு. இப்ப காத்து தரை வரைக்கும் வருது."

"எப்படித் தெரியும்?"

"தரையில வச்சு அளந்தேன்."

அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"அன்னிக்கும் என் காலுகிட்ட குனிஞ்சு அளந்தியே. பேப்பர்ல எத எழுதின?"

"மேல உள்ளத" என்றேன்.

அக்கா ஊன்றுகோலை எடுத்து, மெதுவாக எழுந்து, நான் போவதற்காகக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.