மீன்பெட்டியில் வளர்ந்த படிகாரம்

இரண்டு வருடம் தொடர்ந்து மாவட்ட அறிவியல் கண்காட்சிக்கு நான் அனுப்பிய படிகாரக் கட்டி, பார்த்தவர்களுக்கெல்லாம் கற்கண்டை நினைவுபடுத்தியது. மூன்றாம் வருடமும் கலங்கலாக இருந்தால் கண்காட்சியில் வேதியியலுக்கான இடம் இயற்பியலுக்குப் போகும் என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார். ஏரிக்கரைப் பள்ளியில் இருபது வருடம் வேதியியல் நடத்தியவனுக்கு இது கௌரவப் பிரச்சினை. கௌரவம் என்று ஒன்று மிச்சம் இருந்ததா என்பது வேறு விஷயம்.

வெந்நீரில் படிகாரத்தைக் கரைத்து, வடிகட்டி, ஒரு தட்டில் கொஞ்சம் ஊற்றி வைத்தேன். மறுநாள் தட்டில் பூத்த பத்துப் பதினைந்து படிகங்களில் ஒன்றோடொன்று ஒட்டாத, எட்டு முகமும் சரியாக விழுந்த ஒன்றை மட்டும் விதையாக எடுத்தேன். பெண் பார்க்கப் போனபோதுகூட நான் இவ்வளவு கறாராக இருந்ததில்லை. அங்கே கறார் காட்டியது எதிர்த்தரப்பு. நூலில் கட்டினால் நூல் முழுக்கப் பொடிப்படிகம் ஏறும். அதனால் நண்டுவலையில் அறுந்த வழுவழுப்பான மெல்லிய தங்கூஸ் நைலான் இழையில் கட்டி, மீதிக் கரைசல் இருந்த ஜாடியில் தொங்கவிட்டேன்.

கரைசலில் செறிவு குறைந்தால் விதை கரைந்துபோகும். மிஞ்சினால் அவசரமாக வளர்ந்து வெளுத்துவிடும். நான் குடியிருக்கும் லைட்ஹவுஸ் குப்பத்தில் மதியம் வெக்கை, விடியலில் கடல்காற்று. இந்த ஏற்ற இறக்கம்தான் என் பழைய எதிரி. வீட்டுக்கார அக்கா மீன் விற்பவர். அவரிடம் ஐஸ் போட்டு மீன் வைக்கும் தெர்மாகோல் பெட்டி ஒன்றைக் காலியாக இரவல் வாங்கி, சூடும் குளிரும் தாக்காதபடி ஜாடியை உள்ளே வைத்தேன். மூன்று வாரத்தில் எலுமிச்சை அளவுக்கு, கண்ணாடிபோல் வளர்ந்தது.

கண்காட்சிக்கு எட்டு நாள் இருக்கையில் ஒரு காலை திறந்து பார்த்தேன். ஜாடியைச் சுற்றி ஐஸ். ஜாடியின் அடியில் வெள்ளை மணல்போல் பொடி, இழையில் கண்ணாடிக்குப் பதில் அவித்த முட்டை.

“இன்னா சார் இப்படிப் பாக்கற? வெறும் பெட்டில மூடி வெச்சினு கீறியே, கெட்டுப்பூடாதா? நாந்தான் ராவுல ஐஸ் போட்டேன்” என்றார் அக்கா.

ஐஸ் பெட்டியை ஐஸ் பெட்டியாக நினைத்தது அவர் குற்றமா? குளிர்ந்ததும் தன்னால் தாங்கமுடியாத படிகாரத்தைக் கரைசல் கிடைத்த இடத்திலெல்லாம் கொட்டிவிட்டது. வெளுத்த தோலைக் கரைத்தால் கட்டி சிறுத்துப்போகும் என்று விளக்கினேன்.

“பெருசா கீறதையே எடுத்துனு போ சார். இத்த எவன் உத்துப் பாக்கப் போறான்?”

இரண்டு வருடமாக நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

கட்டியை வெதுவெதுப்பான தண்ணீரில் முக்கி முக்கி எடுத்தேன். வெள்ளைத் தோல் போய் நெல்லிக்காய் அளவில் தெளிவு வந்தது. அடியில் படிந்ததைச் சூடாக்கிக் கரைத்து, வடிகட்டி, அறைச் சூட்டுக்கு நன்றாக ஆறவைத்து, மட்டமான ஒரு படிகத்தை முதலில் இறக்கிப் பார்த்தேன். அது கரையவுமில்லை, வெளுக்கவுமில்லை. பிறகுதான் நல்லதை இறக்கி, ஐஸைக் கொட்டிவிட்ட பெட்டிக்குள் ஜாடியை வைத்தேன். அதற்குப் பிறகு பெட்டியை அக்காவும் தொடவில்லை, நானும் தொடவில்லை.

ஏழாம் நாள், நெல்லியைவிடச் சற்றே பெரியதைத் தலைமையாசிரியையின் மேசையில் வைத்தேன். அவர் அதை வருகைப் பதிவேட்டின் மேல் தட்டையாகப் படுக்கவைத்துக் குனிந்து பார்த்தார். என் பெயருக்கு நேரே சிவப்பு மையில் ‘தாமதம்’ என்றிருந்தது படிகத்தின் ஊடாக எழுத்துப் பிசகாமல் தெரிந்தது.

“நல்லாவே தெரியுது சார். கண்காட்சிக்கு எடுத்துட்டுப் போங்க” என்றார்.