மூன்றாவது பஸ்ஸுக்கு வேலை கிடைக்காத அன்று எழுதியது

பாயான் லெப்பாஸில் இருக்கும் தொழிற்சாலை ஒன்றுக்குத் தொழிலாளர் பஸ் விட நாங்களும் கோட்டேஷன் கொடுத்திருந்தோம். நாங்கள் என்றால் நானும் தம்பியும்தான். எங்களுடைய மூன்று பஸ்ஸில் இரண்டு ஓடியது, மூன்றாவது சும்மா நின்றது. இந்த வேலை கிடைத்தால் அவன் அதை ஓட்டுவான். கிடைக்காவிட்டால் சிங்கப்பூருக்கு ஓட்டுநராகப் போய்விடுவான். அவன் போகக்கூடாது என்பதுதான் என் ஒரே கவலை.

தொழிற்சாலையில் இதைக் கவனிக்கும் பெண்மணி போன் செய்தார். "சாரி லா அக்கா, வேற கம்பெனிக்குப் போயிருச்சு."

போனை வைத்ததும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வேலை கிடைக்கும் முன்பே நான் சிம்பாங் அம்பாட் ஊர் முழுக்க அலைந்து, தொழிற்சாலைப் பெண்கள் எங்கே ஏறுவார்கள் என்று கேட்டு, வாட்ஸ்அப் குழு ஆரம்பித்து, ஏறும் இடங்களை எல்லாம் அதில் போட்டிருந்தேன். அந்த உழைப்பு யாருக்கோ போகிறது! குழுவைக் கலைத்துவிடலாம் என்று கைபேசியை எடுத்தேன்.

"கலைச்சிட்டா, பஸ் ஆரம்பிக்கிற திங்கக்கிழமை காலையில அந்தப் பொண்ணுங்க எங்க நிப்பாங்க?" என்றான் தம்பி.

கைபேசியைக் கீழே வைத்தேன். கோபம் இறங்கியபின் அந்தப் பெண்மணிக்கு எழுதினேன்:

"நீங்களே கூப்பிட்டுச் சொன்னதற்கு நன்றி. பல இடங்களில் அதுகூடச் சொல்லமாட்டார்கள். ஏறும் இடங்கள் எல்லாம் எங்கள் குழுவில் இருக்கின்றன. புது கம்பெனிக்காரர் எண்ணைக் கொடுங்கள், அவரைப் பொறுப்பாளராக்கிவிட்டு நான் விலகிக்கொள்கிறேன். என்றைக்காவது பஸ் குறைந்தால் கூப்பிடுங்கள். அவர்களோடு எல்லாம் நல்லபடி நடக்கட்டும்."

ஏன் கொடுக்கவில்லை, விலையில் எவ்வளவு வித்தியாசம் என்றெல்லாம் கேட்கக் கை பரபரத்தது. கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றிக்குப் பின்னால் கணக்குக் கேட்பதாகத்தான் தெரிந்திருக்கும். அவர் எண்ணை அனுப்பினார். குழுவில் இருந்தவர்களிடம், இனி இவர்தான் பஸ் விவரம் சொல்வார் என்று எழுதிவிட்டு வெளியேறினேன். மனசு வலித்தது, பொய் சொல்ல மாட்டேன்.

அடுத்த மாதம் தம்பி சிங்கப்பூருக்குக் கிளம்பிவிட்டான்.

சில மாதம் கழித்து அதே பெண்மணி கூப்பிட்டார். "அக்கா, இன்னொரு ஷிஃப்ட் ஆரம்பிக்கிறோம். பாலிக் புலாவ் பக்கம் ஒரு பஸ் வேணும். அன்னிக்கு குரூப்ப குடுத்தீங்களே, முதல் நாள் ஒருத்தர்கூட பஸ்ஸ மிஸ் பண்ணல. அதச் சொல்லித்தான் பாஸ்கிட்ட உங்க பேரைக் குடுத்தேன். கோட்டேஷன் அனுப்புங்க."

அனுப்பினேன். வேலை கிடைத்தது. முதலில் தம்பிக்குத்தான் போன் செய்தேன்.

"இங்க கையெழுத்துப் போட்டுட்டேன்கா, ரெண்டு வருஷம்," என்றான். பிறகு, "நல்ல டிரைவரா பாருக்கா. பிரேக்க முதல்ல செக் பண்ணச் சொல்லு, அந்த பஸ் ரொம்ப நாளா நிக்குதுல்ல," என்றான்.